பம்பிள் தேனீக்கள் ஏன் குறைகின்றன? இயங்குமுறை வாரியாக ஓர் இலக்கிய மீளாய்வு எழுதுவது எப்படி

மகரந்தச் சேர்க்கையாளர்களின் சரிவைப் பற்றி முதன்முறையாக லிட்டரேச்சர் ரிவ்யூ எழுதுகிறவர்களின் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: "ஒயிட்ஹார்ன் குழுவினர் (2012) இமிடாகுளோபிரிட் கொடுத்த கூட்டங்களில் ராணிகள் குறைந்ததைக் கண்டனர். கில் குழுவினர் (2012) இரண்டு பூச்சிக்கொல்லிகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். கேமரன் குழுவினர் (2011) அமெரிக்காவில் நான்கு இனங்கள் குறைந்திருப்பதைக் கண்டனர்." ஒரு பத்திக்கு ஓர் ஆய்வு, வாக்கியத்தின் எழுவாயாக ஆய்வாளர் பெயர். தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் இருபது பக்கம் படித்த பிறகும் தேனீ ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

இதை மாற்றி, இயங்குமுறை வாரியாக எழுதுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டாகப் பம்பிள் தேனீக்களையே கடைசி வரை வைத்துக்கொள்வோம். அவற்றைப் பற்றிப் பரிசோதனைக்கூட ஆய்வு, வயல் ஆய்வு, அருங்காட்சியக மாதிரிகள் என எல்லா வகைச் சான்றும் இருக்கிறது.

முதலில்: எந்த உயிரி குறைகிறது?

"மகரந்தச் சேர்க்கையாளர்" என்ற பெரிய சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. வளர்ப்புத் தேனீயையும் காட்டுத் தேனீயையும் கலப்பதுதான் வழக்கமான சிக்கல். உலக அளவில் வளர்ப்புத் தேனீக் கூட்டங்களின் எண்ணிக்கை 1961க்குப் பிறகு சுமார் 45 விழுக்காடு கூடியிருக்கிறது என்று ஐசனும் ஹார்டரும் 2009இல் காட்டினார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் குறைந்தது உண்மைதான், ஆனால் அது வேறு கதை. வரோவா உண்ணி ஏபிஸ் பேரினத் தேனீக்களில்தான் பெருகும், பம்பிள் தேனீயில் பெருகாது. ஆகவே பம்பிள் தேனீ மீளாய்வில் வரோவாவுக்குத் தனி இயல் வேண்டியதில்லை. வளர்ப்புத் தேனீயிடமிருந்து வைரஸ் பம்பிள் தேனீக்குத் தாவுகிறது என்ற இடத்தில் மட்டும் அது வரும்.

எந்த இனங்கள், எந்த நிலப்பகுதி, எந்த ஆண்டுகள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "1990களுக்குப் பிறகு வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பம்பிள் தேனீக்களின் சரிவு" என்ற அளவில் இருந்தால் போதும்.

காரணியும் இயங்குமுறையும் ஒன்றல்ல

"பூச்சிக்கொல்லி, நோய், காலநிலை, வாழிட இழப்பு" என்று நான்கு தலைப்பு போட்டுவிட்டு இயங்குமுறை வாரியாகப் பிரித்துவிட்டேன் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவை காரணிகள். இயங்குமுறை என்றால் அந்தக் காரணியில் தொடங்கி எண்ணிக்கை குறைவதில் முடியும் வரை இடையில் நடக்கும் ஒவ்வொரு படியும். அதை ஒரு சங்கிலியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

நியோனிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிக்கு அந்தச் சங்கிலி இப்படி வரும். விதையில் பூசிய மருந்து செடிக்குள் ஏறிப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் சிறிதளவு வருகிறது. இது முதல் கண்ணி. தேனீ அதை உண்கிறது, மருந்து அதன் நரம்பிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் ஒட்டுகிறது. இரண்டாவது. அதனால் சாவதில்லை, ஆனால் இரை தேடும் திறன் குறைகிறது. மூன்றாவது. கூட்டத்துக்கு வரும் மகரந்தம் குறைந்து, கூட்டம் சிறுத்து, புதிய ராணிகள் குறைகின்றன. நான்காவது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பகுதியில் அந்த இனமே குறைகிறது. ஐந்தாவது.

ராணிகளை ஏன் தனியாகப் பார்க்கிறோம்? மிதவெப்ப நாடுகளில் பம்பிள் தேனீக் கூட்டம் ஓராண்டுதான் வாழும். குளிர்காலத்தில் வேலைக்காரத் தேனீக்களும் பழைய ராணியும் செத்துப்போகும், புதிய ராணிகள் மட்டும் மண்ணுக்குள் உறங்கி வசந்தத்தில் புதுக் கூட்டம் தொடங்கும். அதனால் இந்த ஆண்டின் ராணிக் கணக்கு அடுத்த ஆண்டின் கூட்டக் கணக்கோடு நேராகத் தொடர்புடையது. இது தெரியாமல் படித்தால், வேலைக்காரத் தேனீ குறைந்ததைச் சொல்லும் ஆய்வுக்கும் ராணி குறைந்ததைச் சொல்லும் ஆய்வுக்கும் ஒரே எடை கொடுத்துவிடுவோம்.

சங்கிலியை எழுதிய பிறகுதான் ஆய்வுகளைத் தேட வேண்டும். முன்பே தேடினால் கிடைத்த ஆய்வுகளுக்கு ஏற்ற மாதிரி சங்கிலி வளைந்துவிடும்.

கண்ணி வாரியாகத் தேடுவது

ஒவ்வொரு கண்ணிக்கும் தனித் தேடல் வேண்டும். நான்காவது கண்ணிக்கு வெப் ஆஃப் சயின்ஸில் இப்படித் தொடங்கலாம்:

```
TS=((Bombus OR bumblebee* OR "bumble bee*")
AND (neonicotinoid* OR imidacloprid
     OR clothianidin OR thiamethoxam)
AND (colony OR queen* OR reproduct*))
```

இதில் `declin*` என்ற சொல் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். சரிவு என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் சரிவைச் சொல்லும் கட்டுரைகள்தான் வரும், மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்பவை வெளியே நின்றுவிடும். 2019இல் சாஞ்செஸ்-பாயோவும் விக்கைஸும் உலகப் பூச்சிகளின் சரிவைப் பற்றி எழுதிய மீளாய்வு செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதன் மீது எழுந்த முக்கியமான விமர்சனமே இதுதான்: தேடல் வரியிலேயே சரிவு என்ற சொல் இருந்தது. உங்கள் வரைவைப் படிக்கும் தேர்வாளருக்கும் அந்த விவகாரம் தெரிந்திருக்கும். எந்தத் தேதியில் எந்த வரியைத் தட்டினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள், பின்னால் முறையியல் பகுதியில் அப்படியே எழுதலாம்.

அட்டவணையில் ஒரு வரிசைக்கு ஒரு கண்டுபிடிப்பு

எக்ஸெலில் ஒரு வரிசைக்கு ஓர் ஆய்வு என்று போட்டால் எழுத்தும் அப்படியேதான் வரும். ஒரு வரிசைக்கு ஒரு கண்டுபிடிப்பு என்று போடுங்கள். நெடுவரிசைகள் குறைவாகவே போதும்: எந்தச் சங்கிலி, எத்தனையாவது கண்ணி, எந்த இனம், பரிசோதனைக்கூடமா வயலா, அளவு என்ன, விளைவு எந்தப் பக்கம், வேறு எதனாலும் இது வந்திருக்கலாமா.

கேமரன் குழுவின் 2011 கட்டுரையை வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் எட்டு இனங்களை எடுத்து, அருங்காட்சியகப் பதிவுகளையும் புதிய களக் கணக்கெடுப்பையும் ஒப்பிட்ட ஆய்வு அது. அட்டவணையில் அது மூன்று வரிசைகளாகப் பிரியும்.

நான்கு இனங்களின் பங்கு, மற்ற இனங்களோடு ஒப்பிட, 96 விழுக்காடு வரை குறைந்துவிட்டது, பரவல் எல்லை 23 முதல் 87 விழுக்காடு சுருங்கிவிட்டது என்பது முதல் வரிசை. இது எந்தச் சங்கிலியிலும் சேராது. விளக்கப்பட வேண்டிய நிகழ்வு இதுதான், ஆகவே மீளாய்வின் தொடக்கத்தில் நிற்க வேண்டும். குறையும் இனங்களில் நோசிமா பாம்பி என்ற ஒட்டுண்ணி அதிகம் இருந்தது என்பது இரண்டாவது. இது நோய்ச் சங்கிலிக்குப் போகும். குறையும் இனங்களில் மரபணுப் பன்மை குறைவாக இருந்தது என்பது மூன்றாவது. இங்கேதான் கடைசி நெடுவரிசை வேலை செய்யும். பன்மை குறைந்ததால் இனம் குறைந்ததா, இனம் குறைந்ததால் பன்மை குறைந்ததா? ஒரே நேரத்தில் எடுத்த மாதிரிகளை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அதை வரிசையிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே கட்டுரை மூன்று இடங்களில் வரலாமா என்று புதியவர்கள் தயங்குவார்கள். வரலாம், வரத்தான் வேண்டும். முதல் இடத்தில் ஆய்வு முறையை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் மற்ற இடங்களில் கண்டுபிடிப்பை மட்டும் சொன்னால் போதும்.

பத்தி எழுதுவது

இப்போது நான்காவது கண்ணிக்கு ஒரு பத்தி எழுதிப் பார்க்கலாம். முதல் வாக்கியத்தில் ஆய்வாளர் பெயர் வரக்கூடாது. கண்ணியைப் பற்றிய கூற்று வர வேண்டும்.

"வயலில் கிடைக்கக்கூடிய அளவு நியோனிக்கோட்டினாய்டு பம்பிள் தேனீக் கூட்டத்தின் வளர்ச்சியையும் ராணிகளின் எண்ணிக்கையையும் குறைக்கிறது. மகரந்தத்தில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராமும் சர்க்கரை நீரில் 0.7 மைக்ரோகிராமும் இமிடாகுளோபிரிட் கலந்து இரண்டு வாரம் கொடுத்து, பிறகு வெளியே இரை தேட விட்ட கூட்டங்கள், மருந்து கொடுக்காதவற்றைவிட 85 விழுக்காடு குறைவான ராணிகளை உருவாக்கின (ஒயிட்ஹார்ன், 2012). ஆனால் அந்த இரண்டு வாரமும் தேனீக்களுக்கு வேறு உணவு கிடையாது. வெளியில் மருந்தில்லாத பூக்களும் இருக்கும். அந்தத் தடையை நீக்கியது சுவீடனில் எட்டு இணை வயல்களில் நடந்த ஆய்வு: குளோத்தியானிடின் பூசிய ரேப்சீட் வயல்களின் அருகில் வைத்த பம்பிள் தேனீக் கூட்டங்கள், பூசாத வயல்களின் அருகில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே வளர்ந்தன (ருண்ட்லோஃப், 2015). அங்கே விதையில் பைரித்ராய்டு மருந்து ஒன்றும் சேர்ந்தே இருந்ததால் விளைவு முழுவதையும் குளோத்தியானிடின் மீது போட முடியாது."

பத்தியை நகர்த்துவது ஆண்டு வரிசையல்ல. முதல் ஆய்வின் குறை இரண்டாவது ஆய்வை அழைத்து வருகிறது, இரண்டாவதன் குறை அடுத்த பத்தியை அழைக்கும். ஆய்வாளர் பெயர் அடைப்புக்குள் போய்விட்டது. கில் குழுவின் ஆய்வு இந்தப் பத்தியில் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். இமிடாகுளோபிரிட் உண்ட தேனீக்கள் ஒவ்வொரு முறையும் சிறிய மகரந்த உருண்டைகளையே கொண்டுவந்தன என்ற அவர்களின் கண்டுபிடிப்பு மூன்றாவது கண்ணிக்கு உரியது, முந்தைய பத்தியில் வந்திருக்கும்.

முரண்படும் முடிவுகளை வைக்கும் இடம்

இந்த முறையின் பலன் முரண்பாடுகளில்தான் தெரியும். அதே சுவீடன் ஆய்வில் வளர்ப்புத் தேனீக் கூட்டங்களில் குறிப்பிடத்தக்க விளைவு இல்லை. 2017இல் வுட்காக் குழு பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி என மூன்று நாடுகளில் நடத்திய வயல் ஆய்வில், ஹங்கேரியிலும் பிரிட்டனிலும் வளர்ப்புத் தேனீக்குத் தீங்கு தெரிந்தது, ஜெர்மனியில் தெரியவில்லை. ஆய்வு வாரியாக எழுதுபவர் இங்கே "முடிவுகள் கலவையாக உள்ளன" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த வாக்கியம் உங்கள் வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, எந்தக் கண்ணியில் வேறுபாடு வந்தது என்று கேளுங்கள். ஜெர்மனியில் தேனீக்கள் உண்டதில் ரேப்சீட்டின் பங்கு குறைவு, கூட்டங்களில் நோயும் குறைவு, அது காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். அப்படியானால் வேறுபாட்டின் ஒரு பகுதி முதல் கண்ணியிலேயே இருக்கிறது: வயலில் பூசிய மருந்து ஒன்றுதான், வாய்க்குள் போன அளவு வேறு. சுவீடனில் வளர்ப்புத் தேனீ தப்பியதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் நான்காவது கண்ணியைச் சேர்ந்தது. வளர்ப்புத் தேனீக் கூட்டத்தில் பல்லாயிரம் வேலைக்காரத் தேனீக்கள் இருக்கும், சிலவற்றை இழந்தாலும் ஈடுகட்டும். பம்பிள் தேனீக் கூட்டத்தில் சில நூறுதான். இது சோதித்து உறுதி செய்த முடிவு என்பதைவிடப் பொருத்தமான விளக்கம் என்றே எழுத வேண்டும்.

காலக்கணக்குச் சோதனை

சங்கிலிகளைத் தனித்தனியாக எழுதி முடித்ததும் அவற்றை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். அதற்கு எளிய வழி ஆண்டுகள்.

பாம்பஸ் அஃபினிஸ், பாம்பஸ் ஆக்சிடென்டாலிஸ், பாம்பஸ் ஃபிராங்க்ளினி ஆகிய அமெரிக்க இனங்கள் 1990களின் பிற்பகுதியில் வேகமாகச் சரியத் தொடங்கின. ஃபிராங்க்ளினி 2006க்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. அமெரிக்காவில் சோளத்துக்கும் சோயாவுக்கும் நியோனிக்கோட்டினாய்டு விதைப்பூச்சு பெருவாரியாக வந்தது 2000களின் முற்பகுதியிலிருந்துதான். ஆகவே சரிவு தொடங்கியதற்கு அந்த விதைப்பூச்சைக் காரணம் சொல்வது கடினம். சரிந்த இனங்கள் மீளாமல் போனதற்கு அது காரணமாக இருக்கலாம், அது தனிக் கூற்று, தனிச் சான்று வேண்டும்.

நோய்ச் சங்கிலி காலக்கணக்கில் நன்றாகவே பொருந்துகிறது. 1990களின் முற்பகுதியில் பசுமைக்குடில் தக்காளிக்காக அமெரிக்க இனங்களின் ராணிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே வளர்த்த கூட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் வணிகப் பண்ணைகளிலேயே ஆக்சிடென்டாலிஸ் வளர்ப்பு நோசிமாவால் நொடித்தது. அங்கிருந்து அயல்நாட்டு ஒட்டுண்ணி காட்டுத் தேனீக்குத் தாவியது என்பது ராபின் தார்ப் முன்வைத்த கருதுகோள்.

கேமரன் குழு 2016இல் இதைப் பழைய அருங்காட்சியக மாதிரிகளில் சோதித்தது. நோசிமா பாம்பி 1980களில் அரிதாக இருந்து 1990களின் நடுவிலிருந்து கூடியது என்பது உறுதியானது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்த வகை என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி வலுத்தது, இன்னொன்று தளர்ந்தது. "கருதுகோள் ஆதரிக்கப்பட்டது" என்றோ "மறுக்கப்பட்டது" என்றோ ஒரே சொல்லில் எழுதினால் பாதி தகவல் போய்விடும்.

காலநிலையில் இதைவிடக் கவனம் வேண்டும். கெர் குழு 2015இல் இரு கண்டங்களிலும் பம்பிள் தேனீக்களின் தெற்கு எல்லை சில இனங்களில் 300 கிலோமீட்டர் வரை சுருங்கியதையும், வடக்கே அதற்கு ஈடாக அவை நகராததையும் காட்டியது. மிகவும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை. ஆனால் அது காட்டுவது வெப்பத்தோடு ஒத்துப்போகும் ஓர் ஒழுங்கு. வெப்பம் தேனீயை எப்படி வீழ்த்துகிறது என்ற இடைக் கண்ணி அதில் இல்லை. அங்கே வேறு ஆய்வுகள் வேண்டும்.

காரணிகள் சேரும் இடம்

கூட்டு விளைவுக்கென்று கடைசியில் ஓர் இயல் வைக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஒரு சங்கிலியின் எந்தக் கண்ணி மற்ற சங்கிலியின் எந்தக் கண்ணியைத் தொடுகிறது என்று சொல்ல முடிந்தால் மட்டும் எழுதுங்கள். டி பிரிஸ்கோ குழு 2013இல் காட்டியது அத்தகையது: குளோத்தியானிடின் வளர்ப்புத் தேனீயின் நோய் எதிர்ப்புச் சமிக்ஞையைத் தடுத்து, சிறகு உருக்குலைக்கும் வைரஸ் பெருக வழிவிடுகிறது. வளர்ப்புத் தேனீ என்பதைப் பத்தியில் மறக்காமல் எழுத வேண்டும்.

"ஒன்றையொன்று பெருக்குகின்றன" என்ற வாக்கியத்தையும் எளிதாக எழுதிவிடக் கூடாது. தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். சிவிட்டர் குழு 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேளாண் வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று சேரும்போது தேனீச் சாவு அப்படிப் பெருகியது. ஒட்டுண்ணி, ஊட்டக்குறைவு ஆகியவை சேர்ந்த இணைகளில் விளைவு பெரும்பாலும் வெறும் கூட்டலாகவே இருந்தது.

இடைவெளியை எழுதுவது

"மேலும் ஆய்வு தேவை" என்று முடிப்பதற்கு இத்தனை உழைப்பு வேண்டாம். எந்தக் கண்ணியில் சான்று இல்லையோ அதுதான் இடைவெளி. நம் முதல் சங்கிலியில் அது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே இருக்கிறது. ஐந்தாவது கண்ணிக்கு இருக்கும் சான்று தொடர்பு அளவிலானது: இங்கிலாந்தில் 62 காட்டுத் தேனீ இனங்களின் 18 ஆண்டுப் பதிவுகளில், ரேப்சீட்டில் இரை தேடும் இனங்கள் மற்றவற்றைவிட மூன்று மடங்கு பாதிக்கப்பட்டிருந்தன (வுட்காக், 2016). நடுவில் உள்ள கேள்வி வேறு. புதிய ராணிகளில் பெரும்பாலானவை எப்படியும் குளிர்காலத்தில் சாகும், அல்லது வசந்தத்தில் கூடு கட்ட இடம் கிடைக்காமல் தோற்கும். கூட்டின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது இடப்பற்றாக்குறை என்றால், ராணிகள் பாதியானாலும் அடுத்த ஆண்டுக் கூட்டங்கள் பாதியாக வேண்டியதில்லை. அப்படி இல்லையென்றால் பாதியாகும். ஆகவே இடைவெளியை இப்படி எழுதுங்கள்: "ராணி உற்பத்தியில் ஏற்படும் குறைவு, மறு வசந்தத்தில் அதே நிலப்பகுதியில் தொடங்கும் கூட்டங்களின் எண்ணிக்கையில் எவ்வளவு வெளிப்படுகிறது என்பதை, கூடு கட்டும் இடத்தின் அளவையும் சேர்த்து அளக்க வேண்டும்." இதைப் படிக்கும் வழிகாட்டி உங்கள் அடுத்த இயலில் என்ன பரிசோதனை வரும் என்பதை ஊகித்துவிடுவார்.

வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித் தாளில் எடுத்து எழுதுங்கள். அவற்றை வரிசையாகப் படித்தால் சங்கிலி தெரிய வேண்டும். ஆய்வாளர் பெயரில் தொடங்கும் வாக்கியம் எங்கே வருகிறதோ, அந்தப் பத்தியை மறுபடி எழுதுங்கள்.